பட்டை உயரமா, எண் உயரமா?

2018 செப்டம்பர் 10. பெட்ரோல், டீசல் விலை உயர்வைக் கண்டித்து காங்கிரஸ் அறிவித்திருந்த பாரத் பந்த் நடந்த நாள். அன்று பாரதிய ஜனதா கட்சி தன் ட்விட்டர் கணக்கில் ஒரு பட்டை வரைபடத்தை வெளியிட்டது. டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை, நான்கு தேதிகளில், நான்கு பட்டைகளாக. 2004 மே 16 அன்று 33.71 ரூபாய். 2009 மே 16 அன்று 40.62. 2014 மே 16 அன்று 71.41. 2018 செப்டம்பர் 10 அன்று 80.73. முதல் மூன்று பட்டைகளும் ஒன்றைவிட ஒன்று உயரமாக இருந்தன. 80.73 ரூபாய்க்கு உரிய நான்காவது பட்டை மட்டும், 71.41 ரூபாய்க்கு உரிய மூன்றாவது பட்டையைவிடக் குட்டையாக நின்றது.

எண்கள் எல்லாம் சரி. படம் தவறு. சற்று நேரத்திலேயே பலர் இதைச் சுட்டிக்காட்டினார்கள். காங்கிரஸ் கட்சியும் பட்டைகளின் உயரத்தைத் திருத்தி ஒரு படத்தைப் பதிலுக்கு வெளியிட்டது. இரண்டு நாள் கேலியோடு விஷயம் முடிந்துபோனது. ஆனால் வரைபடம் படிக்கப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். அதனால் அந்தப் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு பட்டை வரைபடத்தில் இரண்டு அச்சுகள் உண்டு. கீழே படுத்திருக்கும் கிடை அச்சு 'எது' அல்லது 'எப்போது' என்பதைச் சொல்கிறது. இங்கே அது நான்கு தேதிகள். இடது ஓரத்தில் நிற்கும் குத்து அச்சு 'எவ்வளவு' என்பதைச் சொல்கிறது. ரூபாயா, விழுக்காடா, லட்சம் பேரா என்ற அலகும் அதில்தான் இருக்க வேண்டும். பட்டையின் உயரம் என்பது அந்தக் குத்து அச்சின் அளவுதான். அந்த 2018 படத்தில் பட்டைகளை நிறுத்திப் பார்க்க அப்படி ஓர் அளவுகோல் இல்லை. பட்டைகளோடு விலையும், ஒரு தேதிக்கும் அடுத்த தேதிக்கும் இடையே விலை எத்தனை விழுக்காடு ஏறியது என்பதும் எழுதப்பட்டிருந்தன: 20.5, 75.8, 13. குத்து அச்சில் ரூபாய் அளவு குறித்திருந்தால், 80.73 என்ற பட்டை 71.41 என்ற பட்டைக்குக் கீழே நின்றிருக்கவே முடியாது. வரைந்தவர் கையே அதை அனுமதித்திருக்காது.

இப்போது நாமே அதை வரைந்து பார்ப்போம். ஒரு சென்டிமீட்டருக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பட்டைகளின் உயரம் முறையே 3.4, 4.1, 7.1, 8.1 சென்டிமீட்டர் வரும். கடைசிப் பட்டைதான் எல்லாவற்றிலும் உயரம். 'பெட்ரோல் என்ன விலை' என்ற கேள்விக்கு இதுதான் நேர்மையான படம்.

அதே எண்களை வைத்து இன்னொரு நேர்மையான படமும் வரையலாம். 'எத்தனை விழுக்காடு ஏறியது' என்று கேட்டால் நான்கு பட்டைகள் வராது, மூன்றுதான் வரும். 2004 முதல் 2009 வரை 20.5 விழுக்காடு, 2009 முதல் 2014 வரை 75.8, அதன்பின் 13. இந்தப் படத்தில் கடைசிப் பட்டைதான் ஆகக் குட்டை. மூன்றாவதாக 'எத்தனை ரூபாய் ஏறியது' என்றும் வரையலாம். 6.91, 30.79, 9.32. இதில் கடைசிப் பட்டை நடுவில் வந்து உட்காரும்.

மூன்றும் உண்மை. மூன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை. ஆளும் கட்சி சொல்ல நினைத்தது இரண்டாவது விடை. 'எங்கள் காலத்தில் ஏற்ற விகிதம் குறைவு' என்பது. அதை விழுக்காட்டுப் படமாகவே வரைந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பதிலாக, பட்டையில் விலையை எழுதிவிட்டு, உயரத்தில் மட்டும் விகிதம் குறைந்த கதையைச் சொல்லப் போனார்கள். பார்ப்பவர் கண் உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். 'விலை இறங்கியிருக்கிறது' என்று மனத்தில் பதியும். வரைபடத்தில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதனால்தான் எளிமையானது: இந்தப் பட்டையின் உயரம் எதன் அளவு? அச்சின் ஓரத்தில் அதற்கு விடை இல்லை என்றால், அந்தப் படத்தில் இருக்கும் எண்களை மட்டும் படித்துவிட்டு, உருவத்தை மறந்துவிடுவது நல்லது.

நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வில் வரைபடக் கணக்கு போடும் மாணவர், தாளின் மேல் மூலையில் 'அளவுத்திட்டம்' என்று எழுதி, ஒரு சென்டிமீட்டர் எத்தனை அலகு என்பதைக் குறிக்கிறார். எழுதாவிட்டால் மதிப்பெண் போகும் என்று ஆசிரியர் சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம் அது. கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அளவுத்திட்டம் தெரியாமல் அதற்குப் பொருள் இல்லை என்பதே அதன் காரணம். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாம் பார்க்கும் பல படங்கள் இந்த ஒரு தேர்விலேயே தோற்றுவிடும்.

ஆனால் அச்சு இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவில் 2012இல் ஃபாக்ஸ் பிசினஸ் தொலைக்காட்சி காட்டிய ஒரு பட்டை வரைபடத்தில் அச்சு இருந்தது, எண்கள் இருந்தன, எல்லாமே சரியான எண்கள். அதிபர் புஷ் காலத்து வரிச்சலுகை அந்த ஆண்டோடு காலாவதியானால், உயர் வருமானக்காரர்களின் உச்ச வரி விகிதம் 35 விழுக்காட்டிலிருந்து 39.6 விழுக்காடாக ஏறும் என்பது செய்தி. இரண்டே பட்டைகள். இடது பட்டை தரையோடு தரையாகக் கிடந்தது. வலது பட்டை அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல் உயர்ந்து நின்றது. படத்தைப் பார்த்தவருக்கு வரி ஐந்து மடங்காகப் போகிறது என்றுதான் தோன்றும்.

காரணம் குத்து அச்சின் அடியில் இருந்தது. அது சுழியில் தொடங்கவில்லை, 34இல் தொடங்கியது. 35 விழுக்காட்டுப் பட்டைக்கு 34க்கு மேல் ஓர் அலகு உயரம்தான் கிடைத்தது. 39.6க்கு 5.6 அலகு கிடைத்தது. அதே எண்களைச் சுழியிலிருந்து வரைந்து, ஒரு சென்டிமீட்டருக்கு 4 விழுக்காடு என்று வைத்தால், ஒரு பட்டை 8.75 சென்டிமீட்டரும் இன்னொன்று 9.9 சென்டிமீட்டரும் இருக்கும். சற்றே ஏற்றம் என்று தெரியும், அவ்வளவுதான்.

இந்த மிகைப்படுத்தலை அளப்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். அவருடைய 1983ஆம் ஆண்டு நூல் வரைகலை பயிலும் எல்லோரும் படிப்பது. படத்தில் தெரியும் மாற்றம் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். எண்களில் உள்ள மாற்றம் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். விடை 1 என்றால் படம் உண்மை சொல்கிறது. அவர் அதற்கு வைத்த பெயர் 'பொய்க் காரணி'. மேலே சொன்ன வரிப் படத்தில் பட்டை ஓர் அலகிலிருந்து 5.6 அலகாகிறது, அதாவது 460 விழுக்காடு ஏற்றம். வரி விகிதம் 35இலிருந்து 39.6 ஆவது 13 விழுக்காடு சொச்சம் ஏற்றம். வகுத்தால் 35 வருகிறது. படம் உண்மையை 35 மடங்கு ஊதிக் காட்டியிருக்கிறது. டஃப்டி தன் நூலில் மோசமான எடுத்துக்காட்டாகக் காட்டிய 1978ஆம் ஆண்டின் நியூயார்க் டைம்ஸ் படத்துக்கே விடை 14.8தான்.

இதைச் செய்ய உங்களுக்குக் கணிப்பொறி தேவையில்லை. நாளிதழ் என்றால் ஓர் அளவுகோலே போதும். கைப்பேசி என்றால், ஒரு துண்டுக் காகிதத்தைத் திரையின்மேல் வைத்து, ஒரு பட்டையின் அடியையும் நுனியையும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டையின் பக்கத்தில் அதை நகர்த்தி எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு மடங்கு உயரம் என்றால் எழுதியிருக்கும் எண்ணும் இரண்டு மடங்காக இருக்க வேண்டும். இல்லை என்றால் அச்சின் அடி வெட்டப்பட்டிருக்கிறது. தேர்தல் நேரத்தில் கருத்துக்கணிப்புப் படங்களில் இதைச் செய்து பாருங்கள். கற்பனையாக, ஒரு கட்சிக்கு 38 விழுக்காடு, இன்னொன்றுக்கு 41 என்று வைத்துக்கொள்வோம். அச்சு 35இல் தொடங்கினால் ஒரு பட்டை மூன்று அலகு, இன்னொன்று ஆறு அலகு. நூலிழைப் போட்டி, பாதிக்குப் பாதி தோல்வியாகத் தெரியும். அந்தக் கணிப்பிலேயே மூன்று விழுக்காடு முன்பின் இருக்கலாம் என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தால், அந்த ஆறு அலகுக்கும் மூன்று அலகுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு அர்த்தமே கிடையாது.

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு 'எல்லா அச்சும் சுழியில் தொடங்க வேண்டும்' என்று ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்வது தவறு. பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். அந்த விதி பட்டைக்கு மட்டுமே உரியது. பட்டை தன் முழு நீளத்தால் பேசுகிறது. அடியை வெட்டினால் அதன் பேச்சே மாறிவிடும். கோட்டு வரைபடம் அப்படி இல்லை. கோடு தன் ஏற்ற இறக்கத்தால் பேசுகிறது. ஒரு புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைவிட, பக்கத்துப் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அங்கே செய்தி. அதனால் கோட்டு வரைபடத்தின் அச்சு சுழியில் தொடங்காமல் இருப்பது பெரும்பாலும் குற்றமில்லை. சுழியைப் பிடித்து இழுத்து வைப்பதே சில நேரம் பெரிய ஏமாற்று.

2015 டிசம்பரில், அமெரிக்காவின் நேஷனல் ரிவியூ இதழ் ஒரு கோட்டு வரைபடத்தை ட்விட்டரில் போட்டது. பருவநிலை மாற்றம் பற்றி நீங்கள் பார்க்க வேண்டிய ஒரே படம் இதுதான் என்று அதற்கு அறிமுகம். 1880 முதல் அன்றுவரை உலகின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, ஃபாரன்ஹீட்டில். கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. புவி வெப்பமாவதாகச் சொல்வதெல்லாம் வீண் கூச்சல் என்று படம் சொல்லாமல் சொன்னது.

குத்து அச்சைப் பாருங்கள். அது மைனஸ் 10 டிகிரியில் தொடங்கி 110 டிகிரிவரை போனது. மொத்தம் 120 டிகிரி அகலம். அந்த 135 ஆண்டுகளில் உலகச் சராசரி வெப்பநிலை ஏறியது ஏறத்தாழ ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட். படம் 12 சென்டிமீட்டர் உயரம் என்றால், அந்த ஏற்றம் ஒன்றரை மில்லிமீட்டர். கோட்டின் தடிமனுக்குள்ளேயே அது மறைந்துவிடும். எண்கள் ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை. மேலும் கீழும் காலி இடத்தை அள்ளிக் கொட்டி, கோட்டை நசுக்கிவிட்டார்கள்.

ஒன்றரை டிகிரி சிறிய எண்தானே என்று கேட்கலாம். அது சிறியதா பெரியதா என்பதை 120 டிகிரியோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்க முடியாது. அந்தச் சராசரி வழக்கமாக எவ்வளவு அசையும் என்பதோடு ஒப்பிட வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவின் பெரும்பகுதியையும் வடக்கு ஐரோப்பாவையும் பனிப்பாறை மூடியிருந்த கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகச் சராசரி வெப்பநிலை இன்றைவிட ஏறத்தாழ 10 டிகிரி ஃபாரன்ஹீட்தான் குறைவு. அந்தப் படத்தின் அளவில் பனியுகமே ஒரு சென்டிமீட்டர் பள்ளம்தான். பனியுகத்தையே சமவெளியாகக் காட்டும் அளவுத்திட்டம் வெப்பநிலையைப் பற்றி எதையும் சொல்லாது. மருத்துவமனையில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டையை யாரும் சுழியில் தொடங்குவதில்லை. 98.6க்கும் 104க்கும் இடையிலான அந்த ஐந்தரை டிகிரியில்தான் நோயாளியின் நிலை இருக்கிறது.

இதன் மறுபக்கம் பங்குச்சந்தைச் செய்திகளில் தினமும் நடக்கிறது. சென்செக்ஸ் 80,000 புள்ளியை ஒட்டி இருக்கும் ஒரு நாளில் 300 புள்ளி இறங்கினால், திரையில் சிவப்புக் கோடு மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு விழும். அந்தக் குத்து அச்சு அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான சில நூறு புள்ளிகளை மட்டுமே காட்டுவதால் எந்த நாளும் திரை முழுவதையும் நிரப்பிவிடும். 300ஐ 80,000ஆல் வகுத்துப் பாருங்கள். அரை விழுக்காடுகூட இல்லை. சந்தை சாதாரணமாக அசையும் அசைவு அது. கோட்டு வரைபடத்தைப் பார்க்கும்போது அச்சின் உச்ச எண்ணிலிருந்து அடி எண்ணைக் கழியுங்கள். கிடைப்பதை, அங்கே காட்டப்படும் வழக்கமான மதிப்பால் வகுங்கள். படம் எத்தனை விழுக்காட்டுக்குள் நின்று பேசுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த அளவு பொருத்தமானதா என்பதற்கு மட்டும் துறையறிவு வேண்டும். வெப்பநிலையில் ஒரு டிகிரி பெரிது, சந்தையில் அரை விழுக்காடு சிறிது என்பதை அச்சு நமக்குச் சொல்லாது.

குத்து அச்சில் பார்க்க வேண்டிய இன்னொன்று, எண்கள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்பது. மேலே போனால் அதிகம் என்றே நம் கண் பழகியிருக்கிறது. 2014இல் ராய்ட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் துப்பாக்கியால் நடந்த கொலைகளின் எண்ணிக்கையை வரைந்தது. 2005இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தனக்கு உயிராபத்து என்று நியாயமாக நம்பும் ஒருவர், விலகிப் போக வழியிருந்தாலும் போகாமல் எதிராளியைச் சுடலாம் என்று அது அனுமதித்தது. படத்தில் 2005 என்ற இடத்தில் ஒரு குறி. அதற்குப் பிறகு கோடு சரசரவென்று கீழே இறங்கியது. சட்டம் வந்ததும் கொலைகள் குறைந்துவிட்டன என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அந்தப் படத்தில் சுழி மேலே இருந்தது, 1,000 கீழே இருந்தது. கோடு கீழே இறங்க இறங்கக் கொலைகள் கூடின. சட்டம் வந்த ஆண்டில் ஐந்நூறு சொச்சமாக இருந்த எண்ணிக்கை, இரண்டே ஆண்டில் எண்ணூறைத் தாண்டியிருந்தது. இதை வரைந்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஈராக் போரின் உயிர்ச்சேதத்தை மேலிருந்து வழியும் இரத்தமாக வரைந்த ஓர் ஹாங்காங் நாளிதழின் படம் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. இங்கேயும் கோட்டுக்கு மேலிருந்த பரப்புக்குச் சிவப்பு பூசியிருந்தார். அந்த ஈராக் படத்தில் தனித்தனிப் பட்டைகள் தொங்கியதால் தலைகீழ் என்பது உடனே தெரிந்தது. ஃபுளோரிடா படத்தில் சிவப்புப் பரப்புக்குக் கீழே இருந்த வெள்ளை இடம் மலைபோலத் தெரிந்தது; கண் அந்த மலையைப் படித்தது. அழகுக்காகச் செய்தது எதிர்ப்பொருளைத் தந்துவிட்டது. தவறான படம் எல்லாமே சூழ்ச்சி என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் சூழ்ச்சி இல்லாவிட்டாலும் படிப்பவர் ஏமாறுவது ஏமாறுவதுதான்.

கிடை அச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. தேதிகள்தானே, இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். 2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, கோவிட் தொற்று மிகுந்த ஐந்து மாவட்டங்களின் எண்ணிக்கையைப் பட்டைகளாக வெளியிட்டது. இரண்டு வாரத் தேதிகள். பட்டைகள் இடமிருந்து வலமாக அழகாக இறங்கின. ஊரடங்கைத் தளர்த்தியிருந்த மாநிலத்துக்கு நல்ல செய்தி. கீழே இருந்த தேதிகளை வாசித்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஏப்ரல் 28, அடுத்து ஏப்ரல் 27, பிறகு 29, பிறகு மே 1, அதன்பின் ஏப்ரல் 30. இன்னும் தள்ளி, மே 7க்கும் மே 3க்கும் நடுவில் ஏப்ரல் 26 உட்கார்ந்திருந்தது. எண்ணிக்கை அதிகமான நாள் முதலில், குறைந்த நாள் கடைசியில் என்று வரிசைப்படுத்திவிட்டார்கள். அப்படி அடுக்கினால் எந்த நோயும் எந்த ஊரிலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். விமரிசனம் எழுந்தபின் மாநில ஆளுநர் அலுவலகம் மன்னிப்புக் கேட்டது; படம் திருத்தப்பட்டது. தேதிகளை விரலால் தொட்டு ஒவ்வொன்றாக வாசிக்கும் பத்து விநாடி வேலை அது.

வரிசை சரியாக இருந்தாலும் இடைவெளி சமமா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் படத்துக்கே திரும்புவோம். முதல் மூன்று தேதிகளுக்கு இடையே ஐந்தைந்து ஆண்டுகள். கடைசி இடைவெளி நான்கு ஆண்டு, நான்கு மாதம்கூட முழுதாக இல்லை. ஆனால் பட்டைகள் சம தூரத்தில் நிற்கின்றன. காலம் குறைவு என்றால் ஏற்றமும் குறைவாகத்தானே இருக்கும் என்ற சந்தேகம் நியாயமானது. ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று பிரித்துக் கணக்கிட்டால் முதல் கட்டத்தில் 3.8, இரண்டாவதில் 11.9, மூன்றாவதில் 2.9 வருகிறது. இந்த முறை சந்தேகம் பொய்த்தது, வரிசை மாறவில்லை. இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டு, 'இந்த இடத்தில் படத்தில் குறையில்லை' என்று ஒப்புக்கொள்வதும் வரைபடம் படிப்பதன் பகுதிதான்.

அச்சைப் படிப்பதால் எல்லாம் வெளிவந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அதே படத்தில் நாம் பட்டைகளைத் திருத்தி, இடைவெளியைக் கணக்கிட்டு, எல்லாம் சரிசெய்தாலும் படத்துக்கு வெளியே ஒன்று இருக்கிறது. 2014 மே மாதத்தில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்றது. 2018 செப்டம்பரில் அது 80 டாலருக்குக் கீழே இருந்தது. அந்த இடைவெளியில் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 19.48 ரூபாயாக ஏறியிருந்தது. ரூபாயின் மதிப்பும் டாலருக்கு எதிராகச் சரிந்திருந்தது. அதற்கு முந்தைய ஐந்தாண்டில் விலை 75.8 விழுக்காடு ஏறியதற்கும் தொடக்கப் புள்ளியில் ஒரு காரணம் உண்டு: 2009 மே மாதத்தில் உலகப் பொருளாதார நெருக்கடியால் கச்சா எண்ணெய் மலிந்து கிடந்தது. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது என்பதை வரைபவர் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு அச்சின் முதல் தேதியாகவும் கடைசித் தேதியாகவும் நம் கண்முன்னே இருக்கிறது. இரண்டு ஆண்டு முன்னால் தொடங்கியிருந்தால் படம் எப்படி இருக்கும் என்று கேட்பது நம் வேலை.

தமிழ் நாளிதழ்களுக்கும் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டை வரைந்தால் சுழியிலிருந்து வரையுங்கள். அச்சை வெட்டியே ஆக வேண்டும் என்றால், நம் பள்ளிப் புத்தகங்களில் இருப்பதுபோல் அடியில் நெளிகோடு போட்டு, வெட்டியிருக்கிறோம் என்று காட்டுங்கள். அலகையும், எண் எங்கிருந்து வந்தது என்பதையும் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். படம் வாட்ஸ்அப்பில் தனியாகப் பயணிக்கும்போது செய்தி அதோடு போவதில்லை. வாசகர்களுக்கும் ஒன்று. அப்படி ஒரு படம் உங்களுக்கு வந்து, இடது ஓரத்தில் எண்களே இல்லை என்றால், அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். நாளிதழில் வந்ததென்றால் எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்தப் பட்டை தவறு என்று குறிப்பிட்டு ஆசிரியருக்கு எழுதுங்கள். ஜார்ஜியாவில் அரசே படத்தைத் திருத்தியது, சாதாரண மக்கள் தேதிகளை வாசித்துக் கேள்வி கேட்டதால்தான்.